பையர் சேனலில் "ஓகே" சொன்னால் போதுமா? எதை சாட்டில் போடுவது, எதை மெயிலில் அனுப்புவது: புது மெர்ச்சண்டைசருக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தால் டெக் பேக் படிக்கவும், காஸ்டிங் போடவும், ஏ, பி, சி என்று வரும் லேப் டிப் சாய மாதிரிகளைப் பார்க்கவும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்கள். பையருக்காக இங்கே ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் பையிங் ஆபீஸோடு இருக்கும் சாட் சேனலில் எதைப் பேசலாம், எதற்கு மெயில் எழுதியே ஆக வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு டெபிட் நோட் வந்த பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். 5,400 டி-ஷர்ட், மூன்று கலர், 24-ஆம் நம்பர் கோம்டு நூலில் சிங்கிள் ஜெர்சி. பர்ச்சேஸ் ஆர்டரில், எங்கள் பேச்சில் பிஓவில், கேட்டது 180 ஜிஎஸ்எம், ஒரு சதுர மீட்டர் துணிக்கு 180 கிராம் எடை, பிளஸ் மைனஸ் 5 சதவீதம். அதாவது 171 முதல் 189 வரை இருக்கலாம். வெட்டும் பாகங்களை அடுக்கும் மார்க்கரில் துணி மிச்சமாகட்டும் என்று, துணியின் அகலத்தை நிலைப்படுத்தும் காம்பாக்டிங்கில் அகலத்தைக் கொஞ்சம் கூட்டி எடுத்திருந்தார்கள். அகலம் கூடினால் ஜிஎஸ்எம் இறங்கும். ரவுண்ட் கட்டரில் வெட்டி எடுத்த வட்டத்தைத் தராசில் வைத்தால் 1.68 கிராம் காட்டியது. அந்த வட்டம் 100 சதுர சென்டிமீட்டர், ஆக 168 ஜிஎஸ்எம். எல்லையிலிருந்து 3 குறைவு.

ஜனவரி 20 மதியம் தராசின் போட்டோவோடு சேனலில் கேட்டேன். "சார், பல்க் 168 வருதுங்க. கையில புடிச்சுப் பார்த்தா வித்தியாசம் தெரியல. கட்டிங் போகலாங்களா?" பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "ஓகே, போங்க." போனோம். ஏப்ரல் 10 தூத்துக்குடியிலிருந்து ஷிப்மென்ட். ஜூன் 2 டெபிட் நோட் வந்தது: ஜிஎஸ்எம் குறைவு, பில் தொகையில் 5 சதவீதம் பிடித்தம். ஒரு பீஸ் 3.20 டாலர், மொத்தம் 17,280 டாலர், அதில் 5 சதவீதம் 864 டாலர். எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல்.

சேனலைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனேன். மார்ச் மாதத் தொடக்கத்தோடு செய்திகள் நின்றுவிட்டன. எனக்கு "ஓகே, போங்க" என்று சொன்னவர் ஏப்ரலிலேயே அந்த பையிங் ஆபீஸை விட்டுப் போயிருந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் நல்ல மனிதர்தான். "மெயில் இருந்தா அனுப்புங்க, நான் பையர்கிட்ட பேசறேன்" என்றார். மெயில் இல்லை.

## 1. முதல் வாரத்திலேயே பாருங்கள்: சேனல் யாருடையது, எத்தனை நாள் வைத்திருக்கும்?

புது பையரோடு வேலை தொடங்கியதும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். அரை மணி நேரம்கூட ஆகாது. பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

ஸ்லாக் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் செய்திகளும் ஃபைல்களும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அதற்கு முந்தையவை மறைந்துவிடும். ஓராண்டுக்கு மேல் பழையவை நிரந்தரமாக அழிக்கப்படும். நடுவில் இருப்பவற்றைக் கட்டணத் திட்டத்துக்கு மாறினால் மறுபடி பார்க்கலாம். ஆனால் எங்கள் விஷயத்தில் அந்த ஒர்க்ஸ்பேஸ் பையிங் ஆபீஸுடையது. பணம் கட்டி மாற வேண்டியவர்கள் அவர்கள். எனக்காக அவர்கள் எதற்குக் கட்டுவார்கள்?

கூகுள் சாட்டில் ஹிஸ்டரி அணைத்து வைத்திருக்கும் உரையாடலில் செய்திகள் 24 மணி நேரத்தில் போய்விடும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் எத்தனை நாள் என்பதை அந்தக் கம்பெனியின் ஐடி ஆட்கள் முடிவு செய்து வைத்திருப்பார்கள், கேட்டால்தான் தெரியும். வாட்ஸ்அப் குரூப்பில் மறையும் செய்திகள் வசதியை 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைக்கலாம். அது போக, அனுப்பியவரே இரண்டு நாளுக்குள் எல்லோருக்கும் சேர்த்து அழித்துவிடவும் முடியும்.

இந்த எண்ணை ஆர்டரின் காலத்தோடு வைத்துப் பாருங்கள். துணிக்கு ஒப்புதல் வாங்கிய நாளிலிருந்து கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், பேக்கிங், கப்பல், பையரின் கிடங்கு, அங்கே அவர்கள் செய்யும் டெஸ்ட் எல்லாம் முடிந்த பிறகுதான் கிளெய்ம் வரும். எங்கள் ஆர்டரில் ஜனவரி 20-க்கும் ஜூன் 2-க்கும் இடையே 133 நாள். சேனல் வைத்திருந்தது 90 நாள். தேதிகளைக் காகிதத்தில் எழுதிப் பார்த்திருந்தால் ஜனவரியிலேயே எனக்கு இது புரிந்திருக்கும்.

பிஓவின் பின்பக்கத்திலோ சப்ளையர் மேனுவலிலோ உள்ள நிபந்தனைகளையும் அன்றே படித்துவிடுங்கள். மாற்றங்கள் எழுத்தில் இருக்க வேண்டும், இன்னாரிடமிருந்து வந்தால்தான் செல்லும் என்று சில பையர்கள் அங்கே போட்டிருப்பார்கள். அப்படி ஒரு வரி இருந்தால் அந்தப் பெயரை டைரியில் குறித்துக்கொள்ளுங்கள். சேனலில் தினமும் நம்மோடு பேசுகிறவர் பெரும்பாலும் அவராக இருக்கமாட்டார்.

சாட் சட்டப்படி செல்லவே செல்லாது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவு எதுவானாலும், சாட்டோ மெயிலோ, உரிய சான்றிதழோடு கொடுத்தால் சாட்சியமாக ஏற்கப்படும். ஆனால் 864 டாலருக்கு யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. நமக்குத் தேவை, பையிங் ஆபீஸில் புதிதாக வந்தவர் தன் மேலதிகாரிக்கு ஃபார்வர்ட் செய்யக்கூடிய ஒரு மெயில்.

## 2. அனுப்பும் முன் இரண்டு கேள்வி

அவசரமா இல்லையா, நீளமா குட்டையா என்று பார்த்துத்தான் பலரும் சாட்டா மெயிலா என்று முடிவு செய்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். அந்த அளவுகோல் இந்தத் தொழிலில் உதவாது. நம்முடைய மிக ஆபத்தான செய்திகள் எல்லாமே குட்டையானவை, அவசரமானவை. "பி ஓகே." "போங்க." "நெக் லேபிள் பழசே போடுங்க."

அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: இந்தப் பதிலை நம்பி நான் செய்யப்போவதைத் திரும்ப எடுக்க முடியுமா? லேப் டிப்பில் எது ஓகே என்று பையர் சொன்னதும் டையிங்குக்கு நூற்றுக்கணக்கான கிலோ துணி போய்விடும். ஜிஎஸ்எம் ஓகே என்றதும் கத்தி வைத்துவிடுவோம். கட்டிங்குக்கு முன்பு என்றால் அந்த 168 துணியை அகலம் குறைத்து மறுபடி காம்பாக்டிங் போட்டு ஜிஎஸ்எம்மை ஏற்றப் பார்க்கலாம். இரண்டு மூன்று நாளும் கொஞ்சம் கூலியும் போகும், அவ்வளவுதான். வெட்டிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பேக்கிங்கில் சைஸ் ரேஷியோ மாறினால் கட்டிய கார்டன்களை எல்லாம் பிரிக்க வேண்டும். கன்டெய்னருக்கு சீல் போட்டபின் எதுவுமே மாறாது. ஒரு ஆர்டரில் இப்படிப்பட்ட கதவுகள் நாலைந்துதான் இருக்கும். ஒரு கதவைத் திறக்கும் ஒப்புதல் எதுவானாலும் அதற்கு மெயில் வேண்டும். ஒற்றை வார்த்தையாக இருந்தாலும் சரி.

இரண்டாவது கேள்வி: இந்தச் சேனலில் இல்லாத யாருக்காவது இது பின்னால் தேவைப்படுமா? பையரின் குவாலிட்டி ஆள், அவர்களின் அக்கவுன்ட்ஸ், நம்முடைய அக்கவுன்ட்ஸ், ஷிப்பிங் ஏஜென்ட், நாளைக்கு உங்கள் நாற்காலியில் உட்காரப்போகிறவர். இவர்களில் ஒருவருக்குத் தேவைப்படும் என்றாலும் மெயில்தான்.

பணம், தேதி, எண்ணிக்கை, தரம் என்ற நான்கில் எது மாறினாலும் இரண்டில் ஒரு கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்துவிடும். இதில் புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது தேதியை. "ஒரு வாரம் லேட்டானா பரவாயில்ல சார்" என்று சேனலில் சொல்லிவிடுவார்கள். பிஓவில் எக்ஸ்-ஃபேக்டரி தேதி பழையதாகவே இருக்கும். அந்தத் தேதியைத் தாண்டினால் பையரின் சிஸ்டம் லேட் டெலிவரி என்றுதான் கணக்கு வைக்கும். தேதி நகர்ந்தால் திருத்திய பிஓவை மெயிலில் கேட்டு வாங்குங்கள். பாதிச் சரக்கை ஏர் மூலம் அனுப்பலாம் என்று பேச்சு வந்தால், அந்தச் செலவு யாருடையது என்று மெயிலில் எழுதி வாங்காமல் புக்கிங் போடாதீர்கள். கப்பலுக்கும் விமானத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு ஸ்டைலின் மொத்த லாபமும் போய்விடும்.

## 3. சாட்டில் வந்த ஓகேயை அன்றே மெயிலாக மாற்றுங்கள்

பையிங் ஆபீஸ்காரர் மெயில் எழுத நேரம் இல்லாதவர். "சார், மெயில்ல ஓகே குடுங்க" என்று கேட்டால் "அதான் சேனல்ல சொல்லிட்டேனே" என்பார். அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. சேனலில் பேசி முடியுங்கள், மெயிலை நீங்களே எழுதுங்கள். அவர் "கன்ஃபர்ம்டு" என்று ஒரு வார்த்தை திருப்பி அனுப்பினால் போதும்.

எங்கள் மெயில்கள் ஆங்கிலத்தில்தான் போகும். ஜனவரி 20 அன்று நான் எழுதியிருக்க வேண்டியதைத் தமிழில் தருகிறேன்:

> வணக்கம் சார். இன்று மதியம் 2.40-க்கு சேனலில் பேசியதை இங்கே பதிவு செய்கிறேன்.
>
> பிஓ 4471, ஸ்டைல் 2208, மூன்று கலரும். பல்க் துணியின் ஜிஎஸ்எம் 168. பிஓவில் கேட்டிருப்பது 180, பிளஸ் மைனஸ் 5 சதவீதம். தராசு போட்டோவும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் இணைப்பில் உள்ளன. துணியின் ஸ்வாட்ச் இன்றைய கூரியரில் வருகிறது.
>
> இந்த ஆர்டரின் 5,400 பீஸுக்கும் இதே துணியை ஏற்றுக்கொள்வதாகவும், விலையில் மாற்றம் இல்லை என்றும் சொன்னீர்கள்.
>
> ஜனவரி 22 காலை 11 மணிக்கு கட்டிங் தொடங்க வேண்டும். அதற்குள் உங்கள் பதில் தேவை. பதில் வரும்வரை துணியை வெட்டாமல் வைத்திருக்கிறோம்.

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது. கேட்ட எண்ணும் வந்த எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பிஓவைத் திறந்து பார்க்காமலேயே என்ன விலகல் என்று யாருக்கும் புரியும். எத்தனை பீஸுக்கு என்று எழுதாவிட்டால், "ஒரு கலருக்குத்தானே சொன்னேன்" என்ற பேச்சு பின்னால் வரும். விலையைப் பற்றிய வரிதான் எல்லாவற்றையும்விட முக்கியம். தரத்தில் சலுகை கொடுத்தவர் விலையில் சலுகையை மனதுக்குள் வைத்திருக்கலாம். அது ஜனவரியில் வெளியே வந்தால் பேசலாம், ஜூனில் வந்தால் டெபிட் நோட்டாகத்தான் வரும்.

கடைசி வரியில் ஒரு கண்ணி இருக்கிறது. "பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறோம்" என்று எழுதப் பலருக்குக் கை வரும். அதை நம்பிக் கத்தி வைக்காதீர்கள். நான் மெயிலையே பார்க்கவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் நம்மிடம் ஒன்றும் இருக்காது. பதில் வரும்வரை வேலை நிற்கும் என்று எழுதுங்கள். பதில் தானாக வரும், ஏனென்றால் இப்போது அவருடைய ஷிப்மென்ட் தேதியும் ஆடுகிறது.

மெயில் போனதும் சேனலில் அதே பேச்சுக்குக் கீழே, த்ரெட்டில், ஒரு வரி போடுங்கள்: "மெயில் அனுப்பிட்டேன் சார், ஒரு ரிப்ளை மட்டும் குடுத்துடுங்க." சேனல் இதற்குத்தான் சிறந்த இடம். மெயிலை அவர் கண்ணில் காட்டும் வேலையை அது நன்றாகச் செய்யும்.

எத்தனை மணி நேரத்துக்குள்? அன்றைக்கே. அடுத்த நாள் எழுதினால் சேனலில் நடந்த பேச்சு நமக்கே பாதி மறந்திருக்கும். நான் சாயங்காலம் கிளம்பும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி அன்றைய சேனல்களை ஒருமுறை மேலிருந்து கீழே படிக்கிறேன். ஓகே, போங்க, பரவாயில்ல, பண்ணிக்கலாம் என்ற நாலு சொல்லைத் தேடுவேன். எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு மெயில் பாக்கி இருக்கிறது.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். எடுங்கள், அந்த மெயிலோடு இணைத்தும் அனுப்புங்கள். ஆனால் உங்கள் போனில் தனியாகக் கிடக்கும் ஸ்கிரீன்ஷாட்டுக்கு அவர் எந்தப் பதிலும் சொல்லியிருக்கமாட்டார். மெயிலில் அவருடைய பதில் அவருடைய சர்வரிலும் இருக்கும்.

## 4. சப்ஜெக்ட், டூ, சிசி

ஐந்து மாதம் கழித்துத் தேடும்போது கிடைப்பதற்காகத்தான் சப்ஜெக்ட். பிஓ எண் முதலில், அடுத்து ஸ்டைல், அடுத்து என்ன விஷயம், கடைசியில் எப்போதைக்குள் பதில் வேண்டும் என்பது. எங்கள் செக்‌ஷனில் இப்படிப் போடுகிறோம்:

```
PO 4471 / Style 2208 / GSM 168 against 180 / Reply by 22 Jan 11 AM
```

ஜிமெயிலில் தேடும்போது:

```
subject:4471 GSM after:2025/01/01
```

பழைய மெயில் ஒன்றைத் திறந்து, அதற்கு ரிப்ளையாகப் புது விஷயத்தை எழுதாதீர்கள். "ஹேங்டேக் ஆர்ட்வொர்க்" என்ற சப்ஜெக்டுக்குள் ஜிஎஸ்எம் ஒப்புதல் புதைந்திருந்தால் அது இருந்தும் இல்லாததுதான். ஒரு விஷயத்துக்கு ஒரு மெயில். லேப் டிப், ஜிஎஸ்எம், ட்ரிம்ஸ் மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் ஒன்றுக்கு மட்டும் பதில் வரும், மற்ற இரண்டும் தொங்கும்.

டூவில் ஒரே ஒரு ஆள், பதில் சொல்ல வேண்டியவர். இரண்டு பேரைப் போட்டால் இவர் சொல்வார் என்று அவரும், அவர் சொல்வார் என்று இவரும் இருந்துவிடுவார்கள். சிசியில் அவருடைய குவாலிட்டி ஆளும் உங்கள் மேனேஜரும். கட்டாயமாக உங்கள் கம்பெனியின் பொது மெயில் ஐடியும் இருக்கட்டும். அப்படி ஒன்று இல்லையென்றால் செக்‌ஷன் பெயரில் ஒன்று தொடங்கச் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது. கூகுள் ஒர்க்ஸ்பேஸில் வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அட்மின் நீக்கிவிட்டால் 20 நாளுக்குள்தான் அதை மீட்க முடியும். அதன்பின் அவர் வாங்கிவைத்த ஒப்புதல்கள் எல்லாம் அவரோடு போய்விடும்.

இணைப்பு 25 எம்பிக்கு மேல் போனால் ஜிமெயில் அதை டிரைவ் லிங்க்காக மாற்றிவிடும். லிங்க் என்பது பின்னால் திறக்காமலும் போகலாம். டெஸ்ட் ரிப்போர்ட் பிடிஎஃப்பும் சுருக்கிய போட்டோவும் போதும், அவை எப்போதும் அந்த அளவுக்குள் அடங்கும்.

## 5. சேனலுக்கு உரியது சேனலிலேயே இருக்கட்டும்

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் மெயிலில் போடத் தொடங்கினால் அதுவும் ஒரு தொல்லை. டெபிட் நோட் வந்த பிறகு ஒரு மாதம் நான் அப்படிச் செய்தேன். பையிங் ஆபீஸுக்கு ஒரு நாளில் என்னிடமிருந்து மட்டும் முப்பது மெயில் போயிருக்கும். உண்மையிலேயே பதில் வேண்டிய மெயிலை அவர்கள் திறக்காமல் விட்டார்கள்.

கட்டிங் எத்தனை முடிந்தது, லைனில் இன்று எவ்வளவு அவுட்புட், ஃபிட் சாம்பிள் கூரியர் கிளம்பியதா, பட்டன் வந்துவிட்டதா, நாளை இன்ஸ்பெக்‌ஷனுக்கு எத்தனை மணிக்கு வருகிறார்கள் போன்றவை சேனலுக்கு உரியவை. இன்றைக்குத் தெரிந்தால் போதும், அடுத்த வாரம் யாரும் இவற்றைத் தேடப்போவதில்லை. லேப் டிப்பில் பி கொஞ்சம் சிவப்படிக்கிறதே என்பது போன்ற பேச்சும் சேனலில்தான் நன்றாக நடக்கும். மெயிலில் மூன்று நாள் இழுப்பதை அங்கே பத்து நிமிடத்தில் முடிக்கலாம். முடிந்த முடிவு மட்டும் மெயிலுக்குப் போகட்டும்.

சேனலில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். பல ஸ்டைல் ஓடும் ஒரே சேனலில் "பி ஓகே" என்று வந்தால் அது எந்த ஸ்டைலுக்கு? எங்கள் பக்கத்து செக்‌ஷனில் போலோவின் கிரேவுக்குச் சொன்னதை டி-ஷர்ட்டின் நேவிக்கு என்று எடுத்துக்கொண்டு டையிங்குக்குப் போன் போட எண்ணைத் தட்டிவிட்டார் ஒரு தம்பி. பக்கத்தில் இருந்தவர் பார்த்ததால் துணி தப்பியது. ஸ்டைலுக்கு ஒரு சேனல் வையுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு கேள்வியையும் ஸ்டைல் எண்ணோடு தொடங்கி, பதிலை அந்த த்ரெட்டுக்குள்ளேயே கேட்டு வாங்குங்கள்.

ஸ்லாக்கில் `@channel` போட்டால் சேனலில் உள்ள எல்லோருக்கும் நோட்டிஃபிகேஷன் போகும். `@here` போட்டால் அப்போது ஆக்டிவாக இருப்பவர்களுக்கு மட்டும். பையர் ஐரோப்பாவில் இருந்தால் நமக்குக் காலை பத்து மணி, அவர்களுக்கு விடியற்காலை. ஒரு ஆளிடம் பதில் வேண்டும் என்றால் அவர் பெயரை மட்டும் டேக் செய்யுங்கள்.

## 6. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரச்சினை என்றால்

டையிங்கில் ஷேட் மாறி வருகிறது, பிரிண்ட் தப்பாக விழுகிறது, கட்டிங் டேபிளில் துணியில் ஓட்டை. இப்போது சாட்டா மெயிலா என்று யோசிக்க வேண்டாம். முதலில் வேலையை நிறுத்துங்கள், அடுத்து போன். போனில் சொன்னதை உடனே போட்டோவோடு சேனலில் போடுங்கள், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியட்டும். நிலைமை தெளிவானதும், எத்தனை கிலோ, எத்தனை பீஸ், என்ன செய்யப்போகிறோம், தேதி நகருமா என்பதை எழுதி மெயில். இந்த மூன்றும் ஒரே நாளுக்குள் முடிய வேண்டும்.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, மெயில் எழுதி அனுப்பிவிட்டதால் தன் கடமை முடிந்தது என்று இருப்பது. கேட்டால், "மதியமே மெயில் போட்டேனே சார்." அவர் மீட்டிங்கில் இருந்திருப்பார், இங்கே டையிங் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். மெயில் பதிவுக்கு. ஆளை எழுப்பப் போன்தான்.

## 7. மெயிலை மட்டும் நம்பக்கூடாத ஒன்று, சேனலில் வரவே கூடாத ஒன்று

வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள் என்று நூல்காரரோ பிரிண்டிங்காரரோ அனுப்பியதுபோல ஒரு மெயில் வரும். அதே பெயர், அதே லோகோ, ஐடியில் ஒரு எழுத்து மட்டும் வேறாக இருக்கும். சில சமயம் ஐடிகூட உண்மையானதாகவே இருக்கும், கணக்குக்குள் வேறு யாரோ நுழைந்திருப்பார்கள். நாம் அனுப்பியதுபோல பையருக்கும் இப்படி மெயில் போகலாம். கணக்கு எண் மாற்றம் என்றால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்கு நீங்களே போன் செய்து, தெரிந்த குரலில் கேட்டு உறுதி செய்யுங்கள். அந்த மெயிலின் அடியில் இருக்கும் நம்பருக்கு அல்ல. சாட்டில் வந்தாலும் இதே விதிதான்.

இன்னொன்று, ஆளைப் பற்றிய குறை. செக்கிங்கில் இன்னார் சரியாகப் பார்க்கவில்லை, டையிங் மாஸ்டர் பொய் சொல்கிறார் என்பதெல்லாம் சேனலில் வந்துவிட்டால், பையிங் ஆபீஸ் ஆட்களும் படிக்கும் இடத்தில் நம் வீட்டுச் சண்டையைப் போட்டதாகிவிடும். அழித்தாலும் பார்த்தவர் பார்த்ததுதான். மேனேஜரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். எழுத்தில் தேவையென்றால் அவருக்கு மட்டும் மெயில், யாரையும் சிசியில் போடாமல்.

## 8. கன்டெய்னர் கிளம்பிய வாரத்தில்

ஷிப்மென்ட் போனதும் எல்லோரும் அடுத்த ஸ்டைலுக்குத் தாவிவிடுவோம். அந்த வாரத்திலேயே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிஓ எண்ணில் ஒரு ஃபோல்டர் தொடங்கி, லேப் டிப் ஒப்புதல், துணி ஒப்புதல், பிபி சாம்பிள் கமென்ட்ஸ், சலுகை கொடுத்த மெயில்கள், தேதி மாற்றிய பிஓ, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் ஆகியவற்றை பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் எப்படியும் டாகுமென்டேஷன் செக்‌ஷனில் இருக்கும்.

சேனலில் மட்டும் நடந்து மெயிலுக்கு வராமல் போனது ஏதாவது இருக்கிறதா என்று அப்போது பாருங்கள். 90 நாள் எல்லைக்குள் இருந்தால் இன்னும் கண்ணில் படும். தேதியும் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "இந்த ஆர்டரில் நாம் ஒப்புக்கொண்டவை" என்று பட்டியல் போட்டு ஒரே மெயிலாக அனுப்பிவிடுங்கள். சரக்கு கடலில் இருக்கும்போது எல்லோரும் நல்ல மனநிலையில் இருப்பார்கள். அப்போது வரும் பதில் கிளெய்ம் வந்த பிறகு வராது.

துணி விஷயத்தில் நான் இன்னொன்றும் செய்கிறேன். ரவுண்ட் கட்டரில் வெட்டிய அந்த வட்டத்தைத் தூக்கிப் போடுவதில்லை. எடையை அதன் மேலேயே மார்க்கரில் எழுதி, கன்ஃபர்ம்டு என்று பதில் வந்த மெயிலின் பிரிண்டோடு ஸ்டேப்ளர் அடித்து, ஸ்டைல் ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்துவிடுகிறேன்.